காது ஏமாறுதா, கண் ஏமாறுதா? ஹோமோஃபோன், ஹோமோகிராஃப், ஹோமோனிம் குழப்பம் தீர ஒரு சுலப வழி!

டிப்ளமோ முடித்து, முதல் வேலையில் சேர்ந்த மூணாவது வாரம். ஊர்ப்பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். அவருக்காக நடந்த கூட்டத்தைப் பற்றி நிருபர் போனில் சொல்லச் சொல்ல, நான் படத்துக்கான குறிப்பை டைப் செய்தேன். மறுநாள் காலையில் அது அச்சாகி வந்தது: 'இறங்கல் கூட்டம் நடைபெற்றது.'

பத்து மணிக்கு ஒரு போன். பேசியது அவருடைய மகள். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்பா தமிழ் வாத்தியாருங்க. இதைப் பார்த்திருந்தா சிவப்பு மையால சுழிச்சிருப்பாரு. அதான் சொல்லணும்னு தோணுச்சு" என்றார். 'இரங்கல்' என்று வந்திருக்க வேண்டிய இடத்தில், நான் அந்தக் கூட்டத்தையே எங்கேயோ இறக்கிவிட்டிருந்தேன்.

எங்கள் சீஃப் சப் எடிட்டர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்மா, இதைக் கேட்டு எழுதினியா, பார்த்து எழுதினியா?"

"கேட்டுதான் சார்."

"அப்போ உன் காது ஏமாந்திருக்கு. அடுத்த தடவை எது ஏமாறுதுன்னு முதல்ல பாரு."

அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு வருஷம் கழித்துதான் எனக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தை நீட்டி, "சித்தி, ஹோமோஃபோன், ஹோமோகிராஃப், ஹோமோனிம்... மூணும் ஒரே மாதிரி இருக்கு, எது எதுன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" என்று கேட்டபோது, சீஃப் சப் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இந்தக் கேள்வியோடு வந்து நிற்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், நீங்கள் அனுப்பும் மெசேஜிலேயே இந்த மூன்றும் ஒளிந்திருக்கின்றன.

போன் ஒண்ணு, சீட்டு ஒண்ணு

மூன்று பெயர்களுமே கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. 'ஹோமோ' என்றால் 'ஒரே மாதிரி'. மூன்றுக்கும் இது பொது என்பதால் அதை விட்டுவிடுங்கள். வாலை மட்டும் பிடியுங்கள்.

'ஃபோன்' என்றால் ஒலி. டெலிபோன், மைக்ரோபோன் எல்லாம் ஒலி சம்பந்தப்பட்டவைதானே? ஆக, ஹோமோஃபோன் என்றால் ஒலி ஒன்று, எழுத்து வேறு. 'கிராஃப்' என்றால் எழுதுவது. ஆட்டோகிராஃப் ஞாபகம் இருக்கிறதா? ஆக, ஹோமோகிராஃப் என்றால் எழுத்து ஒன்று, ஒலி வேறு. மூன்றாவது வால் 'ஓனிம்', அதாவது பெயர். சினானிம், ஆன்டனிம் என்று படித்த அதே வால். ஒலி, எழுத்து இரண்டும் ஒன்றாகி, பெயரே ஒன்றாகிவிட்டால் அது ஹோமோனிம். மூன்றிலுமே அர்த்தம் வேறு வேறாக இருக்கும்.

இதுவும் மறந்துபோகுமா? அப்படியென்றால் ஒரு சின்ன விளையாட்டு. குழப்புகிற வார்த்தையை ஒருவருக்கு இரண்டு வழியில் அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை போனில் வாயால் சொல்கிறீர்கள். இன்னொருமுறை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். முன்னே பின்னே வேறு வார்த்தை எதுவும் கிடையாது, அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

போனில் கேட்டால் குழப்பம், சீட்டில் பார்த்தால் தெளிவு என்றால் ஹோமோஃபோன். இங்கே ஏமாந்தது காது.

சீட்டில் பார்த்தால் குழப்பம், போனில் கேட்டால் தெளிவு என்றால் ஹோமோகிராஃப். இங்கே ஏமாந்தது கண்.

போனிலும் குழப்பம், சீட்டிலும் குழப்பம் என்றால் ஹோமோனிம். காது, கண் இரண்டும் ஏமாந்தாச்சு.

ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் போதும். 'சீ' என்று சொன்னால் பார்ப்பதா, கடலா? எஸ்-இ-இ என்று எழுதினால் பார்ப்பது, எஸ்-இ-ஏ என்று எழுதினால் கடல். காது மட்டும்தான் ஏமாந்தது, அதனால் ஹோமோஃபோன். எல்-இ-ஏ-டி என்று எழுதினால் 'லீட்' என்று படித்து முன்னே நின்று நடத்துவது என்று நினைக்கலாம், 'லெட்' என்று படித்து ஈயம் என்றும் நினைக்கலாம். கண் மட்டும்தான் ஏமாந்தது, அதனால் ஹோமோகிராஃப். 'பேட்' என்றால் கிரிக்கெட் மட்டையும்தான், வௌவாலும்தான். ஸ்பெல்லிங்கும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. அதனால் ஹோமோனிம்.

இது ஏதோ இங்கிலீஷ் புத்தக சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தமிழில் மூன்றுமே இருக்கின்றன. அதுவும் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் வந்திருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால், தப்பைச் சரிசெய்யும் வழியும் தெரிந்துவிடும்.

காது ஏமாறும் இடம்: இரங்கலும் இறங்கலும்

தமிழ் இலக்கணத்தில் 'மயங்கொலி' என்று ஒரு பாடம் படித்திருப்போம். ண, ன, ந. ல, ள, ழ. ர, ற என்று எட்டு எழுத்துகள். ஒலியில் ஒன்றுபோல மயக்குவதால் அந்தப் பெயர். தமிழின் ஹோமோஃபோன்கள் பெரும்பாலும் இந்த எட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன.

'அரை' என்றால் பாதி, 'அறை' என்றால் ரூம். 'கரி' அடுப்பில் இருப்பது, 'கறி' தட்டில் இருப்பது. 'பரவை' என்றால் கடல், 'பறவை' என்றால் சிறகு உள்ளது. போனில் சொல்லிப் பாருங்கள், நம்மில் பெரும்பாலானோர் பேச்சில் இந்த ஜோடிகளுக்கு வித்தியாசமே தெரியாது. சீட்டில் எழுதினால் சட்டென்று தெளிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஜோடி ஹோமோஃபோனா இல்லையா என்பது பேசுகிறவர் வாயைப் பொறுத்தது. கன்னியாகுமரிப் பக்கம் போனால், ரகரத்தையும் றகரத்தையும் தனித்தனியாகச் சொல்பவர்களை இன்றும் கேட்கலாம். அவர்களுக்கு 'கரி'யும் 'கறி'யும் ஹோமோஃபோனே கிடையாது. அதேபோல 'ஒளி', 'ஒழி' இரண்டையும் திருத்தமாக உச்சரிப்பவரிடம் காது ஏமாறாது. ழகரத்தை ளகரமாகவே பேசும் ஊரில் ஏமாறும். அதனால் 'இது ஹோமோஃபோனா?' என்று யாராவது கேட்டால், 'நீங்க எப்படிச் சொல்வீங்க?' என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

ந, ன விஷயத்தில் மட்டும் ஊர் வித்தியாசம் அவ்வளவாக உதவாது. 'முன்னாள் அமைச்சர்' என்றால் முன்பு அமைச்சராக இருந்தவர். 'முந்நாள் அமைச்சர்' என்று எழுதினால்? மூன்று நாள் அமைச்சர்! முன் + நாள் சேர்ந்தால் முன்னாள். மூன்று + நாள் சேர்ந்தால் முந்நாள். சேர்ந்து வரும் வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். செக்கில் 300 என்பதை எழுத்தால் எழுதும்போதும் இதே கணக்குதான்: மூன்று + நூறு, அதனால் 'முந்நூறு'.

சரி, நான் செய்த தப்புக்கு வருவோம். 'இறங்கல்' என்று ஏன் எழுதினேன்? காது ஏமாந்தது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை சீஃப் சப் கண்டுபிடித்துச் சொன்னார். 'இறப்பு', 'இறந்தார்' எல்லாம் வல்லின றகரம். சாவுச் செய்தி எழுதும்போது கை தானாகவே அந்த றவைத் தேடிப் போய்விட்டது. அதாவது, நான் தப்பான சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் விலாசம் கேட்டிருக்கிறேன்.

இரங்கலின் உண்மையான சொந்தம் 'இரக்கம்'. இரங்கு, இரக்கம், இரங்கல்: எல்லாம் இடையின ரகரம். இறங்கலின் சொந்தம் 'இறக்கம்'. மேடு, இறக்கம் என்கிறோமே, அது. இறங்கு, இறக்கம், இறங்கல்: எல்லாம் வல்லின றகரம். 'இந்தக் கூட்டம் இரக்கப்படவா, கீழே இறங்கவா?' என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

எந்த ஹோமோஃபோனுக்கும் இதுதான் மருந்து. சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையின் சொந்தக்காரர் ஒருவரைப் பிடியுங்கள், சந்தேகமே இல்லாமல் உங்களுக்கு எழுதத் தெரிந்த ஒருவரை. அடுப்புக் கரியா? கருப்பு, கருகியது... அந்தக் குடும்பமெல்லாம் 'ரு'. பறவையா? பறந்தது, பறக்கிறது... அந்தக் குடும்பமெல்லாம் 'ற'. நாய் குரைக்கிறதா, குறைக்கிறதா? 'குறைவு' என்பது அளவு சம்பந்தப்பட்ட குடும்பம்; நாய்க்கு அங்கே வேலை இல்லை, அதனால் 'குரைக்கிறது'.

கம்ப்யூட்டரின் பிழைதிருத்தியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 'அறை கிலோ தக்காளி' என்று எழுதிப் பாருங்கள். 'அறை' என்பதும் சரியான வார்த்தைதான் என்பதால், வார்த்தையை மட்டும் சரிபார்க்கும் பிழைதிருத்தி சிவப்புக் கோடே போடாது. ஹோமோஃபோன் தப்புகள் அச்சு வரை போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண் ஏமாறும் இடம்: 'முகத்தில் பாவம் இல்லை'

நடன அரங்கேற்றம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'அந்தச் சிறுமியின் முகத்தில் பாவம் இல்லை.' படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கள்ளங்கபடமில்லாத முகம் என்று பாராட்டுகிறாரா? இல்லை, முகத்தில் உணர்ச்சியே காட்டவில்லை என்று குறை சொல்கிறாரா?

வாயால் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வராது. புண்ணியத்துக்கு எதிரான பாவத்தில் வரும் 'பா', 'பாட்டி'யில் வருவது போல அழுத்தமாக ஒலிக்கும். நடனத்தில் வரும் பாவத்தின் 'பா', 'பாய்ஸ் ஸ்கூல்' என்னும்போது வருவது போல மென்மையாக ஒலிக்கும். ஒலி வேறு, எழுத்து ஒன்று. காது பிழைத்தது, கண் ஏமாந்தது. அசல் ஹோமோகிராஃப்!

தமிழில் இது எப்படி வருகிறது? க, ச, ட, த, ப இந்த எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகள் உண்டு. தமிழுக்கே உரிய வார்த்தைகளில் இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. எழுத்து நிற்கும் இடத்தை வைத்தே ஒலி முடிவாகிவிடும். 'பட்டம்' என்பதில் வார்த்தையின் தொடக்கத்தில் நிற்கும் ப அழுத்தமாக வரும். 'பாம்பு' என்பதில் ம்-முக்குப் பின்னால் நிற்கும் பு மென்மையாக வரும். யாரும் சொல்லித்தராமலே நாம் சரியாகப் படித்துவிடுகிறோம்.

சம்ஸ்கிருதத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த வார்த்தைகள்தான் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. அவற்றில் வார்த்தையின் தொடக்கத்திலேயே மென்மையான ஒலி வரலாம். ஆனால், அதற்கென்று தனி எழுத்து நம்மிடம் இல்லை. அதனால் 'தீப்பந்தம்' என்பதில் வரும் பந்தமும், 'பந்த பாசம்' என்பதில் வரும் பந்தமும் சீட்டில் ஒன்றாகவே நிற்கின்றன. பளபளப்பு என்று பொருள்படும் 'காந்தி'யும், மகாத்மா 'காந்தி'யும் அப்படித்தான்.

கிரிக்கெட் ஸ்கோர் போர்டில் 'நோ பால்' என்று தமிழில் எழுதியிருந்தால் நமக்கு ஒன்றும் தோன்றாது. அதையே டீக்கடைப் பலகையில் எழுதிவைத்தால், பால் தீர்ந்துவிட்டது என்று திரும்பிப் போய்விடுவோம். எழுத்து அதேதான். மைதானத்தில் ஒரு ஒலி, டீக்கடையில் ஒரு ஒலி.

இன்னும் ஒரு வேடிக்கை. ஆங்கில ஸ்பெல்லிங்கை நாம் தமிழில் எழுதும்போதே இந்தக் கண்கட்டு வித்தை நடக்கிறது. 'பி-ஏ-டி' என்று எழுதுகிறேன். அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்ற வார்த்தையா, எழுதும் பேடா, முதுகில் தட்டிக்கொடுப்பதா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு ஸ்பெல்லிங். ஆனால், அங்கே இரண்டு வேறு எழுத்துகளாக இருப்பவை இரண்டும் தமிழில் 'பி'தான். அதேபோல இன்னும் இரண்டு எழுத்துகளும் தமிழில் 'டி'தான். நாலு வார்த்தை, ஒரே சீட்டு!

ஹோமோகிராஃபுக்கு மருந்து என்ன? ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்துப் பயனில்லை. ஏனென்றால் ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கிறது. இங்கே வார்த்தைக்கு ஒரு துணை வேண்டும். 'பாவம்' என்று தனியாக விடாமல் 'முகபாவம்' என்று எழுதினால் நடனம் என்று தெரிந்துவிடும். 'பந்தம்' என்பதை 'தீப்பந்தம்' என்றோ 'சொந்தபந்தம்' என்றோ எழுதினால் தீர்ந்தது. எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு 'எப்படிச் சொல்வது?' என்று தயங்குகிறதோ, அங்கேதான் உங்கள் வாசகரின் கண்ணும் தயங்கும்.

இரண்டுமே ஏமாறும் இடம்: 'மாலை அனுப்பிடுறேன்'

கல்யாண வீடு. மாலைக்குச் சொல்லிவைத்த பூக்கடைக்காரரிடமிருந்து மெசேஜ் வருகிறது: 'மாலை அனுப்பிடுறேன்.' அவர் சொல்வது மாலையை அனுப்புகிறேன் என்றா, சாயங்காலம் அனுப்புகிறேன் என்றா? முதலாவது என்றால் சமையல் வேலையைப் பார்க்கப் போகலாம். இரண்டாவது என்றால், காலை முகூர்த்தத்துக்கு என்ன செய்வது என்று பதற வேண்டும்!

சந்தேகம் தீர போன் செய்கிறீர்கள். அவரும் அதே வாக்கியத்தை வாயால் சொல்கிறார். குழப்பம் அப்படியேதான் இருக்கும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. பூமாலைக்கும் சாயங்காலத்துக்கும் சம்பந்தமும் தெரியவில்லை. இதுதான் ஹோமோனிம்.

'ஆறு' என்பது இன்னொரு நல்ல உதாரணம். ஓடுவதும் ஆறு, ஐந்துக்கு அடுத்ததும் ஆறு. 'படி' என்றால் புத்தகத்தைப் படி, மாடிப்படி, அரிசி அளக்கும் படி. சத்தமாகச் சொன்னாலும் சரி, சுத்தமாக எழுதினாலும் சரி, வார்த்தை தனியாக நின்றால் அர்த்தம் தெரியாது.

ஆக, இங்கே சொந்தக்கார வார்த்தையைப் பிடித்துப் பயனில்லை, வாய்விட்டுப் படித்தும் பயனில்லை. வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். பூக்கடைக்காரர் 'சாயந்திரம் அனுப்புறேன்' என்றோ, 'ரெண்டு மாலையையும் இப்பவே அனுப்புறேன்' என்றோ சொல்லியிருந்தால் கல்யாண வீட்டில் யாருக்கும் படபடப்பு வந்திருக்காது. 'மாலையை', 'மாலையில்' என்று ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்தாலே போதும். நாம் பேசும்போது அடிக்கடி விழுங்கிவிடும் அந்தக் குட்டி உருபுதான் ஹோமோனிமைப் பிரித்துக் காட்டுகிறது.

நாற்காலிக்கும் கால் உண்டே?

இங்கே பலரும் சறுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. நமக்கும் கால், நாற்காலிக்கும் கால். இது ஹோமோனிமா?

இல்லை. இது ஒரே வார்த்தைதான், அர்த்தம் கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம்மைக் கால் தாங்குவதுபோல நாற்காலியையும் தாங்குவதால் அந்தப் பெயர். 'திங்கள்' என்பதும் அப்படித்தான். திங்கள் என்றால் நிலா. நிலா ஒரு சுற்று தேய்ந்து வளரும் காலம் ஒரு மாதம், அதுவும் திங்கள். நிலாவுக்குரிய கிழமை, அதுவும் திங்கள். மூன்று அர்த்தங்களையும் ஒரு நூலில் கோத்துவிடலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஓர் அர்த்தத்திலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று ஒரு குழந்தைக்கு ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது பல பொருள் தரும் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதை பாலிசெமி என்பார்கள். முடியவே இல்லை, இரண்டும் எதேச்சையாக ஒரே உருவில் வந்து நிற்கின்றன என்றால் ஹோமோனிம். நல்ல அகராதிகளும் இதைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். ஒரே சொல்லின் பல அர்த்தங்களை ஒரே தலைப்பின் கீழ் 1, 2, 3 என்று அடுக்கும். ஹோமோனிம்களுக்குத் தனித்தனித் தலைப்பு கொடுக்கும்.

புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே?

அக்கா மகள் விடவில்லை. "டியூஷன்ல கொடுத்த நோட்ஸ்ல, ஹோமோனிம்னா மூணுக்கும் பொதுப்பெயர்னு போட்டிருக்கே சித்தி?" என்றாள். அவள் சொன்னதும் தப்பில்லை. சில புத்தகங்கள் ஹோமோனிம் என்ற சொல்லை அகலமாகப் பயன்படுத்தி, மற்ற இரண்டையும் அதற்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. வேறு சில புத்தகங்கள், எழுத்து ஒன்றாக இருந்தாலே அது ஹோமோகிராஃப், ஒலி ஒன்றானாலும் வேறானாலும் பரவாயில்லை என்கின்றன.

இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒன்றோடொன்று கொஞ்சம் மேல் விழுகிற மாதிரி இரண்டு வட்டம் போடுங்கள். இடது வட்டத்துக்கு 'போன்' என்று பெயர், ஒரே ஒலி உள்ளவை எல்லாம் அதற்குள். வலது வட்டத்துக்கு 'சீட்டு' என்று பெயர், ஒரே எழுத்து உள்ளவை எல்லாம் அதற்குள். இரண்டும் மேல் விழும் நடுப்பகுதியில் இருப்பது ஹோமோனிம். 'கரி, கறி' இடது ஓரத்தில், 'பாவம்' வலது ஓரத்தில், 'மாலை' நடுவில். சில புத்தகங்கள் ஓரத்தை மட்டும் ஹோமோகிராஃப் என்கின்றன, சில முழு வட்டத்தையும் அப்படிச் சொல்கின்றன. படம் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் இடம் மாறுகிறது. பரீட்சைக்கு உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதையே எழுதச் சொல்லுங்கள்.

இப்போ நீங்க சொல்லுங்க!

கடைசியாக ஒரு வார்த்தை. 'இந்தப் பாட்டில் என்ன இருக்கு?' என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் காட்டிக் கேட்கிறார்களா, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அதில் என்ன இருக்கிறது என்கிறார்களா? எந்த வகை?

முதலில் சீட்டு: கண் ஏமாந்துவிட்டது, சந்தேகமே இல்லை. அடுத்து போன்: ஆங்கில 'பாட்டில்' என்பதை 'பாய்ஸ்' போல மென்மையாகத் தொடங்குகிறவர் என்றால், காது ஏமாறாது. அவரைப் பொறுத்தவரை அது ஹோமோகிராஃப். எங்கள் பாட்டி மாதிரி, பாட்டிலையும் பாட்டையும் ஒரே அழுத்தத்தோடு சொல்கிறவர் என்றால், காதும் ஏமாந்துவிடும். அவர் வாயில் அதே வார்த்தை ஹோமோனிம். மருந்து இரண்டு பேருக்குமே ஒன்றுதான்: 'இந்தப் பாட்டிலுக்குள்ள' அல்லது 'இந்தப் பாட்டுல' என்று ஒரு வார்த்தையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் போதும்.

இப்போதெல்லாம் போனில் கேட்டு எழுதும் எந்தச் செய்தியையும் அனுப்புவதற்கு முன்னால், அதில் உள்ள ஒவ்வொரு ர, றவையும் விரல் வைத்துப் பார்க்கிறேன். இரங்கல் செய்தி என்றால் இரண்டு முறை பார்க்கிறேன்.